தொடர் குழாய் உணவில் வயிற்றால் போகும்போது: வார்ட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிஸ், குழாயால் பீட் கொடுக்கத் தொடங்கி மூன்று நாள்தான். இன்றைக்கு இரண்டு தரம் இளக்கமாகப் போய்விட்டது, இது வயிற்றோட்டமா?

இன்னும் இல்லை. 24 மணிநேரத்தில் 3 தரமோ அதற்கு மேலோ தண்ணீராகவோ கூழாகவோ போனால்தான் வயிற்றோட்டம் என்று கணக்கில் எடுக்கிறோம். நாள் முழுக்க நீராகாரம் மட்டுமே போகிற குடலிலிருந்து கட்டியான மலம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது, அதனால் ஒன்றிரண்டு தரம் மென்மையாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரிஸ்டல் அட்டவணையில் 5 என்றால் ஓரம் தெளிந்த மெல்லிய துண்டுகள், 6 என்றால் கூழ், 7 என்றால் வெறும் தண்ணீர். நாங்கள் கவனிப்பது 6, 7.

எத்தனை தரம் என்பதோடு எவ்வளவு என்பதும் வேண்டும். பம்பர்ஸைக் கழற்றியதும் தராசில் வையுங்கள். காய்ந்த பம்பர்ஸ் 60 கிராம், கழற்றியது 340 கிராம் என்றால் போனது 280. ஒரு கிராமை ஒரு மி.லீ. என்று எடுத்து நீர்ச் சமநிலைத் தாளில் வெளியேற்றப் பக்கத்தில் போடலாம். சிறுநீரும் அதில் கலந்திருந்தால் அதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். "கொஞ்சம் போனது", "நிறையப் போனது" என்று எழுதினால் அடுத்த டியூட்டிக்கு வருகிறவருக்கு ஒன்றும் விளங்காது, ஒருவருக்கு நிறைய என்பது இன்னொருவருக்குக் கொஞ்சம்.

வயிற்றால் போகத் தொடங்கினால் முதலில் பம்பை நிறுத்திவிடுவதுதானே?

வேண்டாம். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்வியால்தான். திருகோணமலையில் நான் வேலை செய்த எல்லா வார்ட்டிலும், புதிதாக வருகிற பிள்ளைகளின் கை முதலில் போவது பம்பின் பொத்தானுக்குத்தான். வயிற்றோட்டத்துக்குப் பீட் காரணமாக இருப்பது பலர் நினைப்பதைவிடக் குறைவு. மருந்துகள்தான் அதிகம், பிறகு கிருமி, பிறகு பீட்டைக் கையாண்ட விதம். நிறுத்தினால் காரணம் அப்படியே இருக்கும், நோயாளி மட்டும் பட்டினி கிடப்பார். பட்டினி கிடக்கிற குடலின் உட்சுவர் மெலிந்து, திரும்பத் தொடங்கும்போது இன்னும் மோசமாகவும் போகலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், வேறொரு ஊரில், நைட் டியூட்டி. நீரிழிவு உள்ள ஒரு அம்மாவுக்கு நாலாவது தரமும் தண்ணீராகப் போக, நான் பீட்டை நிறுத்திவிட்டேன். பக்கத்துப் பம்பில் இன்சுலின் ஓடிக்கொண்டிருந்ததை நினைக்கவில்லை. விடியப்புறம் அந்த அம்மாவின் நெற்றி குளிர்ந்து வியர்த்திருந்தது, சீனியைக் குத்திப் பார்த்தால் 48. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி மீட்டுவிட்டோம். ஆனால் பீட் நின்ற நேரத்தை நான் எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை, அதனால் சீனி ஏன் இறங்கியது என்று காலையில் வந்த டொக்டருக்கு அரை மணிநேரம் விளங்கவேயில்லை. பீட் எந்தக் காரணத்துக்காக நின்றாலும், இன்சுலின் போகிறதா என்று அந்த நிமிடமே பாருங்கள், டொக்டருக்குச் சொல்லுங்கள், நின்ற நேரத்தை எழுதுங்கள்.

அப்போ யாரையும் கேட்காமலே நிறுத்த வேண்டியது எப்போது?

வயிறு கல்லாக இறுகி ஊதியிருந்தால், தொட்டாலே நோயாளி முகத்தைச் சுளித்தால், சத்தி எடுத்தால், அதுவும் பச்சையாகவோ இரத்தமாகவோ வந்தால், மலத்தில் இரத்தம் இருந்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், டியூப் வெளியே இழுபட்டிருந்தால். இதில் எது இருந்தாலும் முதலில் நிறுத்துங்கள், பிறகு டொக்டரைக் கூப்பிடுங்கள்.

தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாக. இரத்த அழுத்தத்தைத் தூக்க நோர்அட்ரினலின் போய்க்கொண்டிருக்க, அதன் அளவும் ஏறிக்கொண்டே போக, வயிறும் ஊதத் தொடங்கினால் குடலுக்கு இரத்தம் போதாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் பீட் போய்க்கொண்டிருப்பது ஆபத்து. இதைச் சாதாரண வயிற்றோட்டத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது.

சரி, நிறுத்தவில்லை. காரணத்தை எங்கே தேடுவது?

மருந்துத் தாளில். கட்டிலுக்குப் போக முன்னமே அதை விரித்து, மூன்று நாளுக்கு முன்னால் என்ன தொடங்கினார்கள் என்று பாருங்கள். முதலாவது லக்டுலோஸ். படுத்த படுக்கையானவருக்கு மலச்சிக்கல் வரக்கூடாதென்று முதல் நாளே எழுதிவிடுவார்கள், பிறகு அதை நிறுத்த யாருக்கும் நினைவு வராது. இரண்டாவது மக்னீசியம் கலந்த வயிற்றெரிவு மருந்து. மூன்றாவது அன்டிபயோட்டிக். நாலாவது மெட்டோகுளோப்ரமைட், எரித்ரோமைசின் போல வயிற்றை வேகமாகக் காலி செய்யக் கொடுப்பவை. சிறு குடலையும் அவை சும்மா விடாது.

ஐந்தாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை: சிரப்புகள். டியூப் உள்ளவருக்கு லேசாக இருக்கட்டும் என்று எல்லா மருந்தையும் சிரப்பாக மாற்றுகிறோம். சிரப்பின் இனிப்புக்காகச் சேர்க்கிற சோர்பிட்டோல் குடலில் உறிஞ்சப்படாமல் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். நாளுக்கு 10 கிராம் போனாலே சிலருக்கு வயிறு ஊதும், 20 கிராமைத் தாண்டினால் தண்ணீராகப் போகலாம். இப்போது கணக்குப் பாருங்கள். 5 மி.லீ.யில் 120 மி.கி. உள்ள பரசிட்டமோல் சிரப்பில் பெரியவருக்கு ஒரு வேளைக்கு 40 மி.லீ. வேண்டும், நாலு வேளைக்கு 160 மி.லீ. அந்தச் சிரப்பில் மி.லீ.க்கு 0.2 கிராம் சோர்பிட்டோல் இருந்தால் ஒரு நாளில் 32 கிராம். குழந்தைக்கு ஒரு கரண்டி கொடுக்கச் செய்த மருந்தைப் பெரியவருக்குப் போத்தல் கணக்கில் ஊற்றுகிறோம். எல்லாக் கம்பனிச் சிரப்பிலும் சோர்பிட்டோல் இருக்காது, அளவும் வேறுபடும், ஆகவே லேபிளைப் படியுங்கள், அதில் அளவு இல்லாவிட்டால் மருந்தகத்தில் கேளுங்கள்.

மாத்திரையை இடித்துக் கரைத்தால் டியூப் அடைக்குமே, அதற்குப் பயந்துதானே சிரப் கொடுக்கிறோம்?

அடைப்பது மாத்திரை என்பதைவிட நாம் கரைக்கிற விதத்தால்தான். சாதாரண பரசிட்டமோல் மாத்திரையை மாவாக இடித்து, 20 மி.லீ. அளவு தண்ணீரில் கட்டியில்லாமல் கலக்கி, பீட்டை அந்தக் கொஞ்ச நேரம் நிறுத்தி, முன்னால் 30 மி.லீ. தண்ணீர், மருந்து, பின்னால் 30 மி.லீ. தண்ணீர் என்று விட்டால் போய்விடும். ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாக விடுங்கள். பீட்டுக்குள்ளே மருந்தைக் கலக்கவே வேண்டாம், பால் திரைவது போலத் திரைந்து டியூபில் கட்டிவிடும். நீர்க் கட்டுப்பாடு உள்ளவருக்கு இந்தத் தண்ணீர் அளவுகளை டொக்டரிடம் கேட்டுக் குறையுங்கள். எப்படியானாலும் விடுகிற தண்ணீரெல்லாம் உட்செலுத்தப் பக்கத்தில் ஏற வேண்டும்.

மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையையும், குடலில் மட்டும் கரைவதற்குப் பூச்சுப் போட்ட மாத்திரையையும் இடிக்கவே கூடாது. மெதுவாகக் கரையும் பொட்டாசியம் மாத்திரை அப்படியானது. எது எப்படியென்று சந்தேகம் வந்தால் இடிக்கும் முன்னே மருந்தாளரைக் கேட்டுவிடுங்கள்.

வார்ட்டில் இந்த வெக்கைக்குப் பீட் கெட்டுப்போயிருக்குமோ?

இருக்கலாம், அதுவும் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நல்லாகவே இருக்கலாம். மாவாக வந்து தண்ணீரில் கலக்குகிற பீட் தொங்கவிட்ட நேரத்திலிருந்து 4 மணிநேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஆகவே மணிக்கு 65 மி.லீ. வேகத்தில் போகிறவருக்கு ஒரு தரத்தில் ஊற்ற வேண்டியது 260 மி.லீ. மட்டும். நைட் டியூட்டியில் ஆள் குறைவென்று 800 மி.லீ.யைப் பைக்குள் ஊற்றிவிட்டுப் போவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். கடைசிச் சொட்டு உள்ளே போகும்போது அது 12 மணிநேரம் பழையது. விடியப்புறம் அந்தப் பையின் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் உங்களுக்கே விளங்கும். வாடை வராததால் அது நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பையில் மிச்சமிருப்பதன் மேலே புதியதை ஊற்றக் கூடாது. கலக்குவது கொதித்தாறிய தண்ணீரில், கழுவிய கையால். கலக்கி மிஞ்சினால் மூடி, நேரம் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 24 மணிநேரத்துக்குள் முடிக்க வேண்டும். பையும் குழாயும் 24 மணிநேரத்துக்கு ஒரு தரம் புதிது. தொழிற்சாலையில் அடைத்து முத்திரையோடு வருகிற பையின் கணக்கு வேறு, அது 24 மணிநேரம் தொங்கலாம், சில வகை 48 வரைக்கும். அதன் உறையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பையில் ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டி கலக்கிய நேரம், தொங்கவிட்ட நேரம், உங்கள் கையெழுத்து. அதே நேரம் தாளிலும் இருக்க வேண்டும்.

மிஸ், வாப்பாவுக்கு இந்த மாவு ஒத்துக்கொள்ளவில்லை போல. வீட்டிலிருந்து கஞ்சி காய்ச்சிக் கொண்டு வரட்டுமா?

மகளே, அந்த அக்கறை விளங்குகிறது, ஆனால் கஞ்சி இந்த டியூபுக்குள் போகாது. வடித்தாலும் ஆறியதும் தடித்துக் குழாயை அடைக்கும், போகும்படி ஐதாக்கினால் அதில் சத்து மிஞ்சாது. வீட்டில் காய்ச்சி, பஸ்ஸில் கொண்டு வந்து, பிறகு மணிக்கணக்காகத் தொங்கவிட்டால் மேலே சொன்ன கெட்டுப்போகிற கதைதான்.

உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. பெரியவர்களுக்கான பீட் மாவுகளில் பெரும்பாலானவற்றில் லக்டோஸ் இல்லை. சாதாரண பால்மாவில் இருக்கிறது. நோயாளிக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கப்படுகிறது என்றால், பல வருடமாகப் பால் குடிக்காதவராகவும் இருந்தால், அதனாலேயே வயிறு ஊதித் தண்ணீராகப் போகலாம். வாப்பா வீட்டில் பால் குடிப்பாரா, குடித்தால் வயிற்றைப் புரட்டுமா என்று நாங்கள் உங்களிடம்தான் கேட்க வேண்டும். நீங்கள் சொன்ன பதிலையும் ஏட்டில் எழுதிவிடுவோம்.

பீட்டில் தண்ணீரைக் கூட்டி ஐதாக்கினால்? வேகத்தைக் குறைத்தால்?

ஐதாக்குவதில் பலன் இல்லை. சத்துக் குறையும், கை படுவது கூடும், கிருமி வளர வசதியாகும். பழைய காலத்தில் "அரைப் பலம், முழுப் பலம்" என்று படிப்படியாகக் கொடுத்தார்கள், அதை இப்போது செய்வதில்லை.

வேகத்தைக் குறைப்பது வேறு. வேகத்தைக் கூட்டிய அன்றுதான் வயிற்றோட்டம் தொடங்கியது, மருந்திலும் கையாண்ட விதத்திலும் ஒன்றும் அகப்படவில்லை என்றால், கடைசியாக ஒத்துக்கொண்ட வேகத்துக்கு இறங்குங்கள். 65இல் கஷ்டம், 45இல் நன்றாக இருந்தார் என்றால் 45. அங்கே ஒரு நாள் நிறுத்திப் பார்த்து, பிறகு 8 அல்லது 12 மணிநேரத்துக்கு ஒரு தரம் 10 மி.லீ. ஆகக் கூட்டலாம். குறைத்த வேகத்திலேயே மறந்துவிடாமல் இருக்க, அடுத்து எப்போது கூட்டிப் பார்ப்பது என்ற நேரத்தையும் குறைக்கும்போதே எழுதிவிடுங்கள். அந்த வரி இல்லாததால் ஒரு கிழமை முழுக்க 30 மி.லீ.யில் ஓடிய நோயாளிகளைக் கண்டிருக்கிறேன்.

சிரிஞ்சால் இழுத்துப் பார்த்தேன், 250 வந்தது. இது ஒத்துக்கொள்ளாமைதானே, நிறுத்த வேண்டாமா?

250 என்ற எண்ணை மட்டும் வைத்து நிறுத்த வேண்டாம். வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் 500 மி.லீ.க்குக் குறைந்த மிச்சத்துக்காக நிறுத்தத் தேவையில்லை என்பதே இப்போதைய வழிகாட்டல், பல இடங்களில் வழக்கமாக இழுத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். உங்கள் பிரிவின் விதி வேறாக இருந்தால் அதன்படி செய்யுங்கள், ஆனால் எண்ணோடு வயிற்றையும் பாருங்கள்: மென்மையாக இருக்கிறதா, சத்தி வருகிறதா, நேற்றையதைவிடச் சுற்றளவு கூடியிருக்கிறதா. சுற்றளவு அளப்பதென்றால் தொப்புளுக்கு நேரே பேனையால் ஒரு கோடு போட்டு எப்போதும் அந்த இடத்திலேயே அளவெடுங்கள்.

இழுத்ததைப் பொதுவாகத் திரும்ப உள்ளே விடுகிறோம், அதில் நோயாளியின் உப்புகள் இருக்கின்றன. இரத்தமோ மலவாடையோ இருந்தால் விட வேண்டாம், வைத்து டொக்டரிடம் காட்டுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், நோயாளி வழுகி இறங்கிவிட்டால் கட்டில் உயர்ந்திருந்தும் வயிறு மடிந்திருக்கும். இரைப்பை காலியாகாததும் கீழே வயிற்றால் போவதும் இரண்டு வேறு சங்கதி. மேலேயுள்ளதற்கு மெட்டோகுளோப்ரமைட் உதவலாம், கீழேயுள்ளதை அதே மருந்து கூட்டலாம். இரண்டையும் "பீட் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரே வசனத்தில் எழுதினால் டொக்டர் எதற்கு மருந்து எழுதுவார்?

அன்டிபயோட்டிக் போகிறது. லோபரமைட் கேட்டு வாங்கலாமா?

உடனே கேட்காதீர்கள். அன்டிபயோட்டிக் போகிற, அல்லது அண்மையில் போய் முடிந்த ஒருவருக்கு 24 மணிநேரத்தில் 3 தரமோ அதற்கு மேலோ தண்ணீராகப் போய், காய்ச்சலும் வயிற்று நோவும் சேர்ந்தால் குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி நினைவுக்கு வர வேண்டும். அது இருக்கும்போது குடலை நிறுத்தி வைக்கிற மருந்து கொடுத்தால் நச்சு உள்ளேயே தங்கும். அது இல்லையென்று டொக்டர் திருப்திப்பட்ட பிறகுதான் லோபரமைட்.

சந்தேகம் வந்த நேரத்திலிருந்தே கையுறை, தனிப் பாத்திரங்கள், முடிந்தால் தனி அறை. கையைச் சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள், அல்கஹோல் ஜெல் அதன் வித்துகளைக் கொல்லாது. மலமாதிரி அனுப்பினால் அனுப்பிய நேரத்தையும், அந்த நேரத்தில் எந்த அன்டிபயோட்டிக் எத்தனையாவது நாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஐந்து நாளாக ஒன்றும் போகவில்லை, இப்போது திடீரென்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கசிகிறது. இதற்கும் இதே வழியா?

இல்லை, இது மலச்சிக்கலாக இருக்கக்கூடும். உள்ளே கட்டியாகி இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீர் மட்டும் வழிகிறது. பார்க்க வயிற்றோட்டம் மாதிரியே இருக்கும், லோபரமைட் கொடுத்தால் இன்னும் இறுகும். அடையாளம் சொல்கிறேன்: முந்திய பல நாள் வெறுமை, பம்பர்ஸில் ஒவ்வொரு தரமும் கொஞ்சம்தான், வயிறு சற்று ஊதியிருக்கும். டொக்டர் விரல் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். மலம் போகாத நாட்களிலும் தாளில் "0" என்று போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வெற்றிடம் விட்டால் போகவில்லையா, எழுதவில்லையா என்று யாருக்குத் தெரியும்?

ஒவ்வொரு தரமும் என்னதான் எழுதுவது? "வயிற்றோட்டம், டொக்டருக்கு அறிவிக்கப்பட்டது" போதாதா?

போதாது. அதைப் படித்து அடுத்தவர் எதையும் செய்ய முடியாது. கண்டது, செய்தது, யாருக்குச் சொன்னது, பிறகு நடந்தது, இவை நேரத்தோடு வர வேண்டும். நாங்கள் ஏட்டில் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம், இங்கே தமிழில் காட்டுகிறேன்: "02.10. மலம், வகை 7, 280 கிராம், மஞ்சள், இரத்தம் இல்லை. பீட் 65 மி.லீ. ஓடுகிறது, பை 00.30க்குத் தொங்கவிட்டது. வயிறு மென்மை, சத்தி இல்லை, டியூப் மூக்கடியில் 58 செ.மீ., மாற்றமில்லை. பீட் தொடர்கிறது. தோல் சிவப்பு, சிங்க் கிறீம் பூசப்பட்டது. 02.20 டியூட்டி டொக்டருக்குச் சொல்லப்பட்டது, காலையில் மருந்துகளைப் பார்ப்பதாகச் சொன்னார். 06.00க்குத் திரும்பப் பார்க்க வேண்டும்."

இதில் டியூபின் 58 செ.மீ. ஏன் என்று கேட்பார்கள். நேற்று 58, இன்று 66 என்றால் நுனி இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் போயிருக்கலாம், அப்படியானால் சிரப்புகள் நேரே குடலில் கொட்டுகின்றன. இன்னொன்று, பீட் பக்கத்தில் கட்டளையிட்ட அளவை எழுதாமல் பம்பில் காட்டுகிற உண்மையான அளவை எழுதுங்கள். நின்ற நேரமெல்லாம் அதில்தான் தெரியும்.

ஒரு நோயாளியின் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல முடியுமா?

கிண்ணியாப் பக்கத்து மீன்பிடித் தொழிலாளி, அறுபதைத் தாண்டியவர், பாரிசவாதம், விழுங்க முடியவில்லை. எடை 60 கிலோ, மி.லீ.க்கு ஒரு கலோரி உள்ள பீட், இலக்கு 65 மி.லீ., நாளுக்கு 1560. நாலாம் நாள் காலை 6 மணிக்கு நான் பொறுப்பெடுத்தபோது முந்திய 24 மணிநேரத்தில் 6 தரம், மொத்தம் 720 கிராம். ஏட்டில் இரவு 10 மணிக்கு "பீட் நிறுத்தப்பட்டது" என்று ஒரு வரி, காரணம் இல்லை. பம்பில் பார்த்தால் போனது 1040 மி.லீ. மட்டும். வயிறு மென்மை, சத்தி இல்லை, டியூப் 58இல், காய்ச்சல் இல்லை, உள்ளே கட்டி மலம் இல்லை. பொட்டாசியம் 3.2. மருந்துத் தாளில் முதல் நாளிலிருந்து லக்டுலோஸ் 15 மி.லீ. இரண்டு வேளை, இரண்டாம் நாளிலிருந்து பரசிட்டமோல் சிரப் 40 மி.லீ. நாலு வேளை, கோ-அமொக்ஸிக்ளாவ் ஊசி.

டொக்டரோடு பேசி ஒவ்வொன்றாகப் போனோம். பீட் 45இல் திரும்பத் தொடங்கியது, 4 மணிநேரத்தில் 65. லக்டுலோஸ் 8.30க்கு நிறுத்தம். பொட்டாசியத்தைச் சிரப்பாகக் கொடுக்க எழுதப் போனார், சிரப் வயிற்றோட்டத்தைக் கூட்டும் என்று சொன்னதும் சேலைனில் மாற்றினார். மலமாதிரி அனுப்புவதை அடுத்த நாள் குறைகிறதா என்று பார்த்துத் தீர்மானிப்பது என்றும் எழுதினார். ஐந்தாம் நாள் காலை 4 தரம், 480 கிராம். 9 மணிக்குச் சிரப் போய் மாத்திரை, அதுவும் காய்ச்சல் வந்தால் மட்டும். ஆறாம் நாள் 2 தரம், 210 கிராம், வகை 6. ஏழாம் நாள் ஒரு தரம், வகை 5. அன்டிபயோட்டிக் எட்டாம் நாள்வரை ஓடியது, ஆகவே அதுவல்ல முக்கிய காரணம் என்று நினைக்க இடமிருக்கிறது. தானாகவே குறைந்திருக்கவும் கூடும், முழு உறுதி என்று சொல்லமாட்டேன். ஆனால் எது எந்த நேரம் மாறியது என்பது ஏட்டில் இருந்ததால், இப்படி யோசிக்கவாவது முடிந்தது.

டொக்டர் ஒரே நாளில் மருந்து, பீட் வகை, வேகம் மூன்றையும் மாற்றிவிட்டார். இப்போது எதனால் குறைந்தது என்று எப்படித் தெரியும்?

தெரியாது. நோயாளி நீரிழந்து மோசமாக இருந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுவதும் சரிதான், அப்போது காரணத்தைவிட நோயாளி முக்கியம். நிலை திடமாக இருந்தால், "சார், முதலில் மருந்தை மட்டும் மாற்றி நாளைக் காலைவரை பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்கலாம், பலர் ஒத்துக்கொள்வார்கள். மூன்றும் மாறிவிட்டதென்றால் ஒவ்வொன்றும் மாறிய நேரத்தைத் தனித்தனி வரியாக எழுதுங்கள். குணமானபின் ஒன்றைத் திரும்பக் கொண்டுவரும்போது, திரும்ப வயிற்றால் போனால், அப்போது தெரியும்.

இரவில் பீட்டைக் குறைத்தேன், எழுத மறந்துவிட்டேன். காலையில் 02.00 என்று போட்டு எழுதிவிடலாமா?

இரவிலேயே எழுதியது போலப் போட வேண்டாம். "07.15, பிந்திய பதிவு: 02.00 அளவில் பீட் 65இலிருந்து 45க்குக் குறைக்கப்பட்டது, காரணம் மூன்றாவது தரம் தண்ணீராகப் போனது" என்று எழுதும் நேரத்தையும் நடந்த நேரத்தையும் இரண்டாகப் போடுங்கள். பழைய வரிகளுக்கு நடுவே நுழைக்கவோ, வெள்ளைத் திரவத்தால் அழிக்கவோ கூடாது. பிழையை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் கையெழுத்து. பம்பின் நினைவகத்தில் வேகம் மாறிய நேரம் இருக்கும் மாடலாக இருந்தால் அதைப் பார்த்துச் சரியான நேரத்தை எழுதுங்கள். பொறுப்புச் சிஸ்டருக்கும் வாயால் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் 02.00இலிருந்து 07.15 வரை குறைவாகப் போன 105 மி.லீ.யைக் கணக்கில் திருத்துவது அவர்தான்.